இரண்டு பெயர், ஒரு கட்டம்

தமிழில் நாவல் படிப்பவர்கள் அவரை ‘மார்க்வெஸ்’ என்றே சொல்கிறோம். புத்தகக் கடையிலும் அப்படித்தான் கேட்கிறோம். ஆனால் கேப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் என்ற பெயரில் ‘கார்சியா’ அப்பா வழி வந்தது, ‘மார்க்வெஸ்’ அம்மா லூயிசா சாந்தியாகா மார்க்வெஸ் கொடுத்தது. ஸ்பானிய மொழிக்காரர்கள் அவரை ‘கார்சியா மார்க்வெஸ்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வார்கள். அகர வரிசையில் தேடினால் G எழுத்தின்கீழ் கிடைப்பார். நாம் ‘கார்சியா’வை நடுப்பெயர் என்று நினைத்து உதறிவிட்டோம். மூன்று சொற்களில் கடைசிச் சொல்தான் குடும்பப்பெயர் என்ற ஆங்கிலப் பழக்கத்தை, நமக்கே அப்படியொரு வழக்கம் இல்லாதபோதும், அவர்மேல் ஏற்றிவிட்டோம்.

நரம்பணுக்களை ஆராய்ந்து 1906-ல் நோபல் பரிசு பெற்ற சாந்தியாகோ ரமோன் இ கஹாலுக்கும் இதே கதிதான். ‘ரமோன்’ கேட்பதற்கு ஆளின் பெயர் போலவே இருக்கும். உண்மையில் அது அவருடைய அப்பாவின் குடும்பப்பெயர். ‘கஹால்’ அம்மாவுடையது. நடுவிலுள்ள ‘இ’ என்ற ஒற்றையெழுத்துக்கு ‘உம்’ என்று பொருள்: ரமோனும் கஹாலும். குடலிலுள்ள ஒருவகை உயிரணுக்களுக்கு அவர் நினைவாகப் பெயர் வைத்த மருத்துவ உலகம் ‘கஹால் உயிரணுக்கள்’ என்றே வைத்தது.

இரட்டைக் குடும்பப்பெயர் முறையைப் பற்றி இரண்டு வாதங்கள் சுற்றிவருகின்றன. ஸ்பெயினில் பெருமையாகச் சொல்வது: எங்கள் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகு பெயரை மாற்றுவதில்லை, பிள்ளைக்கு அப்பா பெயரும் அம்மா பெயரும் சமமாகப் போகின்றன. வெளிநாட்டு அலுவலகங்களில் சலிப்போடு சொல்வது: இது தேவையில்லாத சிக்கல், உலகத்தோடு ஒத்துப்போக ஒரு பெயரை விட்டுவிட்டால் என்ன? இரண்டையும் உரசிப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பல நாளாக ஆசை. முதல் வாதத்தில் பாதிதான் தேறும் என்பதும், இரண்டாவது தேறவே தேறாது என்பதும் என் முடிவு.

முறை எப்படி இயங்குகிறது என்பதை ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துப் பார்க்கலாம். அப்பா மரியோ கார்சியா பெரெஸ். அம்மா எலேனா லோபெஸ் ரூயிஸ். கல்யாணம் ஆன மறுநாளும் எலேனா லோபெஸ் ரூயிஸாகவே இருப்பார். மகள் கிளாரா பிறக்கிறாள். அப்பாவின் இரண்டு பெயரில் முதலாவது, அம்மாவின் இரண்டு பெயரில் முதலாவது, இரண்டையும் எடுத்துச் சேர்த்தால் கிளாரா கார்சியா லோபெஸ். அவளுக்குப் பின்னால் பிறக்கும் தம்பி தங்கைகள் எல்லாரும் கார்சியா லோபெஸ்தான். ஆக, ஒரே வீட்டில் மூன்று வேறு பெயர்கள். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று. நம் ஊரில் அப்பா பெயரின் முதலெழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. ஒருவரின் இரண்டு பெயரும் இன்னொருவரோடு பொருந்தினால் உடன்பிறந்தவர்களாக இருக்கலாம், ஒன்று மட்டும் பொருந்தினால் ஒரு பக்கத்து உறவாக இருக்கலாம் என்று ஸ்பானியர்கள் பெயரைக் கேட்டதுமே ஊகிப்பார்கள்.

இனி அந்தச் சமத்துவப் பேச்சு. கிளாராவின் பெயரில் எலேனா இருக்கிறார், சரி. கிளாரா வளர்ந்து நவாரோ ஹில் என்பவரைக் கட்டிக்கொள்கிறாள் என்று வையுங்கள். அவளுடைய பிள்ளை நவாரோ கார்சியா. லோபெஸ் போய்விட்டது. கிளாராவுக்குப் பதிலாக அவள் தம்பியைப் பின்தொடர்ந்து போனாலும் முடிவு அதேதான். அவன் பிள்ளை கார்சியா என்று தொடங்கி அவன் மனைவியின் பெயரில் முடியும், அங்கேயும் லோபெஸ் இல்லை. மகன் வழியோ மகள் வழியோ, எலேனாவின் பெயர் பேரப்பிள்ளையைத் தொடுவதே இல்லை. தாத்தாவின் கார்சியா மட்டும் இரு வழியிலும் பேரப்பிள்ளைவரை போய்ச் சேர்கிறது. அதோடு, எலேனா மகளுக்குக் கொடுத்த ‘லோபெஸ்’ அவருடைய அப்பாவிடமிருந்து வந்தது. அவருடைய அம்மா கொடுத்த ‘ரூயிஸ்’ கிளாராவின் வாசலிலேயே நின்றுவிட்டது. வழக்கமான வரிசையில், அம்மாவின் பெயருக்கு ஆயுள் சரியாக ஒரு தலைமுறை. ஆங்கிலேயரின் மனைவி கல்யாணத்தன்றே இழப்பதை ஸ்பானியப் பெண் பேரன் பிறக்கும்போது இழக்கிறார். அந்தத் தள்ளிவைப்புக்கு மதிப்பு உண்டு, ஒரு பெண் தன் ஆயுள் முழுக்கத் தன் பெயரோடு இருக்கிறாள். ஆனால் அதைச் சமத்துவம் என்று சொல்வது கூடுதல்.

இதற்கு ஸ்பெயினில் கிடைக்கும் மறுமொழி, இது தொன்றுதொட்டு வந்த மரபு என்பது. அதுவும் நிற்காது. 1561-ல் பிறந்த கவிஞர் லூயிஸ் தெ கோங்கோரா இ அர்கோத்தேயின் அப்பா அர்கோத்தே, அம்மா கோங்கோரா. அம்மா பெயர்தான் முன்னால் வந்தது. ஓவியர் வெலாஸ்கெஸுக்கும் அந்தப் பெயர் அம்மா ஹெரோனிமா வெலாஸ்கெஸிடமிருந்து வந்தது. அப்பா ரோட்ரிகெஸ் தெ சில்வா. அந்தக் காலத்தில் சொத்து, பட்டம், மதிப்பு எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பெயரை முன்னால் போட்டுக்கொண்டார்கள். ஒரே வயிற்றுப் பிள்ளைகள் வெவ்வேறு பெயர் வைத்துக்கொண்டதும் உண்டு. அப்பா பெயர் முதலில், அம்மா பெயர் அடுத்து என்ற கட்டாய வரிசை 19-ஆம் நூற்றாண்டின் அரசு அலுவலகம் போட்டது. 1870-ன் பதிவுச் சட்டமும் 1889-ன் சிவில் சட்டமும் அதைக் கட்டிப்போட்டன. பிள்ளைகளைப் பிழையில்லாமல் பதிவதற்காக எழுதிய விதி நாளடைவில் மரபின் உடையைப் போட்டுக்கொண்டது.

அந்தக் கட்டைத் தளர்த்த நூறு ஆண்டுக்குமேல் ஆயிற்று. வயது வந்த பிள்ளை தானே வரிசையை மாற்றிக்கொள்ளலாம் என்று 1981-ல் ஒரு திருத்தம் வந்தது. பெற்றோர் இருவரும் ஒத்துக்கொண்டால் பிறப்பைப் பதியும்போதே அம்மா பெயரை முன்னால் வைக்கலாம் என்று 1999-ல் இன்னொன்று. ஒத்துக்கொள்ளாவிட்டால்? அப்பா பெயர்தான். அதாவது அம்மா கேட்க வேண்டும், அப்பா வெறுமனே ‘வேண்டாம்’ என்றால் போதும். இந்த ஓரவஞ்சனையை எடுத்தது 2011-ன் பதிவுச் சட்டம். அதன் அந்தப் பிரிவு 2017 ஜூன் 30-ல்தான் நடைமுறைக்கு வந்தது. இப்போது பெற்றோர் வரிசையைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டாலோ ஒத்துப்போகாவிட்டாலோ பதிவு அதிகாரி மூன்று நாள் தவணை கொடுப்பார். அதற்குள்ளும் முடிவு வராவிட்டால் குழந்தையின் நலனைப் பார்த்து அவரே தீர்மானிப்பார். முதல் பிள்ளைக்கு எது வரிசையோ அதே பெற்றோரின் அடுத்த பிள்ளைகளுக்கும் அதுதான்.

சண்டை வந்தால் அகர வரிசைப்படி வைத்துவிடலாம் என்று அந்தச் சட்டத்தின் முன்வரைவில் எழுதியிருந்தார்கள். பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. A, B-யில் தொடங்கும் பெயர்கள் பெருகிக்கொண்டே போகும், Z-யில் தொடங்குபவை தலைமுறை தலைமுறையாகத் தேயும் என்றார்கள். நியாயமான எதிர்ப்பு. இத்தனை காலம் எல்லா அம்மாக்களின் பெயருக்கும் நடந்தது அதேதான் என்பதைப் பலர் அன்றைக்குத்தான் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்கள். ஆக, சட்டத்தின் ஏட்டில் சமத்துவம் வந்தது 2017-ல். முறையின் பெருமையை அதற்கு முந்தைய காலத்துக்கும் சேர்த்துப் பேசுவதை நான் ஏற்கமாட்டேன்.

ஆனால் அடையாளம் காட்டும் கருவியாக இந்த முறையை எடைபோட்டால் தட்டு மறுபக்கம் சாய்கிறது. ஸ்பெயினில் கார்சியாவை முதல் குடும்பப்பெயராகக் கொண்டவர்கள் மட்டும் ஏறத்தாழ 14 லட்சம் பேர். ‘திரு. கார்சியா’ என்பது ஆளைக் காட்டாது. கார்சியா லோபெஸ் என்றால் வட்டம் சுருங்குகிறது. கார்சியா வெபர் என்றால் அநேகமாக ஒரு குடும்பம். அப்பா பெயர் மிகப் பொதுவாக இருந்தால் இரண்டாம் பெயரால் அழைப்பது ஸ்பெயினிலேயே வழக்கம். கார்சியா லோர்காவை அவர்களும் ‘லோர்கா’ என்பார்கள். ரூயிஸ் பிக்காசோ ‘பிக்காசோ’ ஆனதும் இந்த வழியில்தான். இதைச் செய்ய வேண்டியவர் பெயருக்குரியவரும் அவருடைய ஊராரும். ஒரு படிவம் இதை அவருக்காகச் செய்யக்கூடாது.

அந்தக் ‘கார்சியா வெபர்’ நான் சும்மா எடுத்த எடுத்துக்காட்டு அல்ல. படிவத்துக்கும் பெயருக்கும் நடந்த சண்டையில் நீதிமன்றம்வரை போன வழக்கு அது. பெல்ஜியத்தில் குடியிருந்த ஸ்பானியர் ஒருவரின் குடும்பப்பெயர் கார்சியா அவெயோ. மனைவி பெல்ஜியக்காரர், அவர் குடும்பப்பெயர் வெபர். 1988-லும் 1992-லும் இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் இரு நாட்டுக் குடியுரிமை. அன்றைய பெல்ஜியச் சட்டப்படி பிள்ளைக்கு அப்பாவின் குடும்பப்பெயர். பதிவாளர் அப்பாவின் குடும்பப்பெயர் முழுவதையும் ஒரே பெயராக எடுத்துப் பிள்ளைகளைக் ‘கார்சியா அவெயோ’ என்று எழுதினார். அவர் தன் சட்டத்துக்கு உண்மையாகத்தான் இருந்தார். ஆனால் அவர் எழுதியது என்ன சொல்கிறது என்று ஸ்பானியக் கண்ணால் பாருங்கள். அவெயோ என்பது அப்பாவின் அம்மா பெயர். ஸ்பானிய முறையில் படித்தால், அந்தப் பிள்ளைகள் தங்கள் அப்பாவுக்கே உடன்பிறந்தவர்கள். பெற்ற தாயின் பெயர் எங்குமே இல்லை.

ஸ்பானியத் தூதரகம் அதே பிள்ளைகளைக் கார்சியா வெபர் என்று பதிந்தது. இரண்டு நாட்டு ஆவணத்தில் இரண்டு பெயர். 1995-ல் பெற்றோர் பெல்ஜிய அரசிடம் பெயரைத் திருத்தித் தரும்படி கேட்டார்கள். அரசு ஒரு சமரசம் சொன்னது: வெறும் ‘கார்சியா’ என்று சுருக்கித் தருகிறோம். 14 லட்சம் பேரின் பெயரை! பெற்றோர் மறுத்தார்கள். வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்குப் போய், 2003 அக்டோபர் 2-ல் தீர்ப்பு வந்தது.

பெல்ஜியம் வைத்த வாதங்களைக் கவனிக்க வேண்டும், இன்றைக்கும் படிவக்காரர்கள் சொல்வது அவற்றைத்தான். குடும்பப்பெயர் மாறாமல் இருப்பது சமூக ஒழுங்குக்கு அடிப்படை என்றது ஒன்று. இரட்டைப்பெயரால் யார் யாருடைய பிள்ளை என்பதில் குழப்பம் வரும், பொது விதிதான் அவர்கள் அந்த நாட்டோடு கலக்க உதவும் என்றவை மற்றவை. நீதிமன்றம் இவற்றை ஏற்கவில்லை. இரண்டு பெற்றோரின் பெயரும் பிள்ளையிடம் இருந்தால் குழப்பம் வராது, உறவு இன்னும் தெளிவாகத் தெரியக்கூடும் என்றது. ஒரு நாட்டில் வாங்கிய சான்றிதழ் இன்னொரு நாட்டில் செல்லாமல் போகும் அளவுக்குப் பெயர் வேறுபட்டால் அது பெருந்தொல்லை என்றது. எனக்கு முக்கியமாகப்படுவது அதன் மூன்றாவது காரணம். ஒரே குடியுரிமை உள்ள பிள்ளையின் நிலை வேறு, இரண்டு குடியுரிமையால் இரண்டு பெயரில் சிக்கிய பிள்ளையின் நிலை வேறு. வேறான நிலைகளை ஒரே மாதிரி நடத்துவதும் பாகுபாடுதான். ‘எல்லோருக்கும் ஒரே படிவம்’ என்ற வாதத்தின் அடிவேரை இது அறுக்கிறது. இந்தத் தீர்ப்புக்கு எல்லையும் உண்டு. அது ஒன்றியத்துக்குள், இரு குடியுரிமை உள்ளவர்களுக்கானது. ஸ்பானியர் ஒருவர் வேறு கண்டத்தில் ஒரு வங்கிப் படிவத்தை நிரப்பும்போது அது துணைக்கு வராது.

அங்கே என்ன நடக்கிறது என்று கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். வெளிநாட்டில் ஒரு கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஒரு ஸ்பானிய மாணவி, பெயரை மாற்றிச் சொல்கிறேன், கார்மென் மோலினா வேகா. எங்கள் இணையப் படிவத்தில் மூன்று கட்டம்: முதல் பெயர், நடுப்பெயர், கடைசிப் பெயர். அவள் என்ன செய்வாள்? மூன்று சொல், மூன்று கட்டம். விண்ணப்பம் ‘வேகா’வின்கீழ்ப் போனது. மொழித்தேர்வு மதிப்பெண் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ‘மோலினா வேகா’ என்று வந்தது. கட்டணம் கட்டிய வங்கி இடைவெளியை விழுங்கி ‘மோலினாவேகா’ என்று அனுப்பியது. எங்கள் கணினிக்கு அது மூன்று ஆள். மதிப்பெண் வரவில்லை என்று அவளுக்கு இரண்டு முறை நினைவூட்டுக் கடிதம் போனது. அனுப்பியாயிற்று என்று அவள் இரண்டு முறையும் பணிவாகப் பதில் எழுதினாள். பிறந்த தேதியை மட்டும் வைத்துத் தேடியபோதுதான் மூன்று கோப்பும் ஒன்றாக எழுந்து வந்தன. பிறந்த தேதி ஒன்று, பாஸ்போர்ட் எண் ஒன்று, பெயர் மட்டும் வேறு என்றால் காரணம் அநேகமாக இதுதான் என்று அதன்பிறகு தெரிந்துகொண்டேன். அவளுடைய அப்பாவின் பெயரை நடுப்பெயராக்கித் தொலைத்தது எங்கள் மூன்று கட்டம்.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. சரியாக எழுதும் வழி அவள் அனுப்பிய பாஸ்போர்ட் நகலிலேயே இருந்தது. பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிப்பதற்காக 44 எழுத்து கொண்ட இரண்டு வரிகள் இருக்கும். அவளுடைய முதல் வரி இப்படி:

```
P<ESPMOLINA<VEGA<<CARMEN<<<<<<<<<<<<<<<<<<<<
```

P என்றால் பாஸ்போர்ட், ESP என்றால் ஸ்பெயின். அதன்பின் குடும்பப்பெயர்ப் பகுதி. அதற்குள் சொற்களுக்கு நடுவே ஒரே ஒரு `<`. குடும்பப்பெயர் முடிந்து ஆளின் பெயர் தொடங்கும் இடத்தில் இரண்டு `<<`. மோலினாவுக்கும் வேகாவுக்கும் நடுவே ஒன்று, வேகாவுக்கும் கார்மெனுக்கும் நடுவே இரண்டு. எது எந்தப் பக்கம் என்பதில் எள்ளளவு ஐயமும் இல்லை. பன்னாட்டு விமானப் போக்குவரத்து நிறுவனம் வகுத்த இந்த முறையைத்தான் உலகத்து எல்லைச் சாவடிகள் எல்லாம் படிக்கின்றன. அமெரிக்க விசாவுக்கான DS-160 படிவமும் `Surnames` என்று பன்மையில் கேட்டு, எடுத்துக்காட்டாக ஒரு ஸ்பானிய இரட்டைப்பெயரையே காட்டுகிறது. எல்லைச் சாவடிக்கும் விசா அலுவலகத்துக்கும் முடிந்தது கல்லூரிக்கும் வங்கிக்கும் முடியாமல் போக வழியில்லை. ஆகவே ‘உலகத்தோடு ஒத்துப்போக முடியாத முறை’ என்ற குற்றச்சாட்டை நான் தள்ளிவிடுகிறேன்.

சரி, பெயருக்குரியவர் கொஞ்சம் வளைந்துகொடுத்தால் என்ன? இரண்டு பெயரையும் நடுக்கோடு போட்டு இணைத்துவிடலாம் என்பார்கள். ஸ்பானிய ஆய்வாளர்கள் பலர் கட்டுரைகளில் அப்படித்தான் கையெழுத்திடுகிறார்கள், அங்கே அது பலன் தருகிறது. கோடு போட்ட பெயரை அட்டவணைக்காரர் பிரிக்கமாட்டார். கட்டுரையில் ஆசிரியர் எப்படி விரும்புகிறாரோ அப்படிப் போட்டுக்கொள்ளலாம் என்பதால் இது சரிவருகிறது. அதே கோட்டை வங்கிக் கணக்கிலும் விமானச் சீட்டிலும் போட்டால் பாஸ்போர்ட்டில் இல்லாத ஒரு பெயரை அவர் தானே உண்டாக்குகிறார். பிறப்புப் பதிவில் போட்டால் இன்னும் மோசம். மோலினா-வேகா ஒரே பெயராக உறைந்துவிடும். அவள் பிள்ளை அதை முழுசாகச் சுமந்து, அதனோடு மற்றவரின் பெயரையும் சுமக்க வேண்டிவரும். பின்னாலுள்ளதை விட்டுவிடுவது என்ற மற்ற யோசனை கார்சியாக்களைக் கூட்டத்தில் கரைத்துவிடும், எல்லாரிடமிருந்தும் அம்மாவை அழித்துவிடும். ஒரு தலைமுறை ஆயுள் உள்ள பெயரை அந்த ஒரு தலைமுறையிலும் வெட்டுவது அது.

குற்றம் படிவத்துடையது என்று சொல்லிவிட்டேன். அதே அளவுகோலை ஸ்பெயினுக்கும் வைக்க வேண்டும். அங்கே முதல் குடும்பப்பெயர், இரண்டாம் குடும்பப்பெயர் என்று தனித்தனியே கட்டம் இருக்கும். ஸ்பானியக் குடியுரிமை பெறுபவரும் பொதுவாக இரண்டு பெயரோடுதான் பதிவாக வேண்டும். ஒரே குடும்பப்பெயர் உள்ள ஜெர்மானியர் அங்கே இணையப் படிவத்தின் முன் உட்கார்ந்தால் இரண்டாம் கட்டத்தில் முதல் பெயரையே மறுபடி தட்டுகிறார், அல்லது ஒரு புள்ளி வைக்கிறார். குடும்பப்பெயர் என்ற ஒன்றே இல்லாத நம்மவரின் பாடு இன்னும் கஷ்டம். தன் பெயரை ஒரு கட்டத்திலும் அப்பா பெயரை இன்னொன்றிலும் போட்ட பிறகும் ஒரு கட்டம் காலியாக நின்று கேட்கும். மெக்சிகோவும் இதே இரட்டைப்பெயர் நாடுதான். அங்கே ஒவ்வொருவருக்கும் தரும் CURP என்ற 18 எழுத்து அடையாளக் குறியீட்டில் இரண்டாம் குடும்பப்பெயரின் முதலெழுத்துக்கு ஓரிடம் உண்டு. அந்தப் பெயர் இல்லாதவருக்கு அங்கே `X` போடவேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். இல்லாத பெயரைக் கேட்டு யாரையும் நிறுத்திவைக்கவில்லை.

கார்மென் விஷயத்தில் எங்கள் படிவத்தைப் பிறகு திருத்தினோம். நடுப்பெயர்க் கட்டத்தை எடுத்துவிட்டு, பாஸ்போர்ட்டில் உள்ளபடி குடும்பப்பெயர் முழுவதும் என்று ஒரு கட்டம், மற்ற பெயர்கள் என்று ஒரு கட்டம், எப்படி அழைக்கலாம் என்று ஒரு கட்டம். கட்டங்களின் எண்ணிக்கை மாறவில்லை, இப்போதும் மூன்றுதான். குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விடவும் அனுமதித்தோம். ஸ்பானியப் படிவங்களும் இந்த அளவுக்கு இறங்கிவர அதிகம் தேவையில்லை. இரண்டாம் குடும்பப்பெயருக்குப் பக்கத்தில், நிரப்பியே ஆகவேண்டும் என்று போட்டிருக்கும் அந்தச் சிவப்பு நட்சத்திரக் குறியை எடுத்தால் போதும்.